நலம் என்று எழுதாத மின்னஞ்சல்

போன புரட்டாதியில் என் பழைய தமிழ் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். சேருக்கு எண்பது தாண்டிவிட்டது. இலண்டனில் மகளோடு இருக்கிறார். தன்னுடைய புத்தகங்களை எங்கள் ஊர் வாசிகசாலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். உப்புவெளியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன வாசிகசாலை அது. கூரை ஒழுகுகிறது. மாரிக்கு முன்னர் வேலை முடியாது என்று ஓடு வேய்பவர் கையை விரித்துவிட்டார். அதைத்தான் சேருக்கு எழுதினேன்:

"வணக்கம் சேர், வாசிகசாலைப் புத்தகங்கள் தொடர்பாக எழுதுகிறேன். கூரை வேலை மாரிக்கு முன் முடியாது. ஆகவே பெட்டிகளைத் தைக்குப் பிறகு அனுப்பினால் நல்லது. மொத்தம் எத்தனை பெட்டி என்று இந்தக் கிழமைக்குள் அறியத்தரவும். நன்றி."

எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. சுருக்கம், மரியாதை, விடயம் எல்லாம் இருந்தன. அன்று பின்னேரம் பதில் வந்தது, ஒரே வரி: "பிள்ளை, விளங்கியது. அங்கே என்ன நடந்தது?" கூரையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் மரம் உக்கிப்போயிருக்கிறது, எத்தனை ஓடு மாற்ற வேண்டும் என்றெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்கு போன் அடித்தது. சேர்தான். குரல் நடுங்கியது. "பிள்ளை, அம்மாக்கு ஏதுமே? ஒண்டையும் மறைக்காமச் சொல்லு." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா பக்கத்து அறையில் நித்திரை. அப்படிச் சொன்னதும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நலம் எண்டு ஒரு வரி எழுதேல்லையே பிள்ளை. இரண்டாம் கடிதத்திலும் இல்லை. அதுதான் பயந்துபோனன்."

அந்த வரி பல மாதங்களாக என்னை விடவில்லை. அவர் கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். பயந்துபோனேன் என்றல்லவா சொன்னார்.

அப்பாவின் நீலக் கடிதங்கள்

அதன் பிறகுதான் அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் ரின்னை இறக்கினேன். எண்பதுகளில் அப்பா கட்டாரில் வேலை செய்தார். அவர் அனுப்பிய வான்கடிதங்களை அம்மா அதில் வைத்திருக்கிறார். ஒரே நீலத்தாள், மூன்றாக மடித்து ஓரத்தை ஒட்டினால் அதுவே உறையும் ஆகிவிடும். உள்ளே வேறு எதுவும் வைக்கக் கூடாது என்பதால் இடம் மிகக் குறைவு. அப்பா எறும்பு ஊர்வதுபோல எழுதி ஓரங்களைக்கூட விடாமல் நிரப்பியிருப்பார். ஆனாலும் எந்தக் கடிதத்திலும் தொடக்கத்தில் மட்டும் அவர் இடத்தை மிச்சம் பிடித்ததில்லை.

மேலே நடுவில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் "சிவமயம்". வலது மூலையில் "தோகா", அதன் கீழ் திகதி. பிறகு: "அன்பின் மனைவிக்கு எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். அதுபோல் நீரும் பிள்ளைகளும் நலமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். உமது கடிதம் கிடைத்து யாவும் அறிந்தேன். நிற்க." கடைசியில் "வேறு விசேடம் இல்லை. மற்றவை உமது பதில் கண்டு. இப்படிக்கு, அன்புள்ள," அதன் கீழ் கையெழுத்து. ஏறத்தாழ எல்லாக் கடிதத்திலும் இதே சொற்கள்தான். சின்ன வயதில் அம்மா வாசிக்கும்போது இந்தப் பகுதி எப்போது முடியும், எங்களைப் பற்றி எழுதியது எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

அம்மாவிடம் கேட்டேன்: இதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஏன் எழுதினார், நீங்கள் அதைப் பாய்ந்து போகமாட்டீர்களா? அம்மா சொன்னார், அதைத்தான் முதலில் பார்ப்பேன் என்று. கடிதத்தை உடைத்தவுடன் கண் அந்த வரிக்குப் போகுமாம். அது இருந்தால் பிறகு ஆறுதலாக, தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு வாசிக்கலாமாம். எங்கள் குடும்பத்தில் துக்கச் செய்தி எழுதும்போது சுழியும் போடமாட்டார்கள், நலம் வரியும் எழுதமாட்டார்கள். ஆகவே அந்த வரி இல்லாத கடிதம் வந்தால், மிச்சத்தை வாசிக்க முன்னரே கை நடுங்கத் தொடங்கிவிடும். அம்மாவின் அண்ணா தவறியபோது மட்டக்களப்பிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் வந்ததாம்.

சேரும் அதே ஊர், அதே காலம். திருகோணமலையில் எண்பதுகளும் தொண்ணூறுகளும் எப்படிப் போயின என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே இருந்தவர்களுக்கு "நாங்கள் நலம்" என்பதுதான் கடிதத்தின் முழுச் செய்தியும். மிச்சமெல்லாம் மேலதிகம். நானோ மேலதிகத்தை மட்டும் அனுப்பிவிட்டு, செய்தியை விட்டுவிட்டேன்.

எந்த வரி எந்த வேலையைச் செய்தது

சரி, அப்படியானால் அப்பாவின் வரிகளை அப்படியே எடுத்து மின்னஞ்சலில் ஒட்டிவிடலாமா? முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன். சேருக்கு ஒரு கடிதத்தைச் சிவமயத்தில் தொடங்கி எழுதி, அனுப்ப முன்னர் எனக்கே அனுப்பி போனில் பார்த்தேன். அறிவிப்பில் வந்தது "உ சிவமயம் திருகோணமலை அன்பின் சேருக்கு எழுதிக்கொள்வது நான்", அவ்வளவுதான். பொருள் வரியில் ஒன்றும் போடவில்லை. திறந்து பார்க்காத ஒருவருக்கு இது எதைப் பற்றியது என்று தெரியவே தெரியாது. வான்கடிதத்துக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அதைப் பிரித்தவர் கடைசி எழுத்துவரை வாசித்தார். விடயம் ஏழாவது வரியில் தொடங்கினாலும் குறையில்லை.

ஆகவே ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது அன்று என்ன வேலை செய்தது, இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தேன். சிலவற்றை மின்னஞ்சலே செய்துவிடுகிறது. யார் யாருக்கு, எந்தத் திகதி, எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். "உமது இன்ன திகதிய கடிதம் கிடைத்தது" என்பது, கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போன காலத்தின் தேவை. அதில் திகதியை விட்டுவிடலாம். ஆனால் "யாவும் அறிந்தேன்" என்ற பாதியை விடக்கூடாது. கிடைத்தது என்பது வேறு, வாசித்தேன் என்பது வேறு. முதலாவதை இயந்திரம் சொல்லலாம். இரண்டாவதை நான்தான் சொல்ல வேண்டும்.

இடம் மட்டும் மின்னஞ்சலில் எங்கும் வருவதில்லை. இதைச் சேரிடம் சொன்னபோது அவர் உடனே திருமுகப் பாசுரத்துக்குப் போய்விட்டார். பதினோராம் திருமுறையின் முதற்பாட்டு அது. மதுரையில் யாழ் வாசித்த பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து உதவும்படி, ஆலவாய்ச் சிவபெருமான் சேரமான் பெருமாளுக்கு எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதம். சேர் போனிலேயே அதைச் சொல்லிக் காட்டினார். "மதிமலி புரிசை மாடக் கூடல்" என்று ஊர்தான் முதலில் வருகிறது. பிறகு "சிவன் யான் மொழிதரு மாற்றம்" என்று எழுதுபவர் பெயர். பிறகு பெறுபவரின் பெருமை, "சேரலன் காண்க" என்று அழைப்பு. அதன்பின் விடயம் நாலே அடியில். "மாண்பொருள் கொடுத்து வரவிடுப்பதுவே" என்று முடிந்துவிடுகிறது. பெயர் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால் முடிவில் இப்படிக்கு என்று ஒன்றும் இல்லை. அப்பாவின் "தோகா" இந்த "மாடக் கூடல்" இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசுவது எங்கள் கடிதத்தின் மிகப் பழைய வழக்கம். மின்னஞ்சலில் வலது மூலை இல்லை. அதனால் ஊரை நலம் வரிக்குள் கொண்டுவந்தேன்: "திருகோணமலையில் நாங்கள் எல்லோரும் சுகம்." ஊர் பெயர் வந்ததும் அந்த வரிக்கு ஒரு மணம் வந்துவிட்டது.

விளிப்பில்தான் அதிக நேரம் நின்றேன். இப்போது எல்லோரும் "அன்புள்ள ஐயா", "வணக்கம் சேர்" என்று நேரே கூப்பிடுகிறோம். பழைய கடிதத்தில் கூப்பிடுவதில்லை. "அம்மாவுக்கு மகன் எழுதிக்கொள்வது" என்று, வேறொருவர் பக்கத்தில் நின்று சொல்வதுபோல அமைந்திருக்கும். பெறுபவர் பெயரோடு 'கு' உருபு வரும், எழுதுபவர் படர்க்கையில் நிற்பார். எழுதத் தெரிந்தவர் எழுதி, வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டிய கடிதங்களுக்கு இது மிகவும் பொருந்தியிருக்கும். என் அம்மம்மாவுக்கு வந்த கடிதங்களைத் தபால்காரரே வாசித்துக் காட்டுவார். அவர் வாயில் "அன்புள்ள அம்மா" என்று வந்திருந்தால் அம்மம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்று நானே எழுதுகிறேன், சேரே வாசிக்கிறார். "எழுதிக்கொள்வது" தேவையில்லை. ஆனால் "சேருக்கு" என்பதில் இருக்கும் 'கு'வை நான் விடவில்லை. "வணக்கம் சேர்" தெருவில் கண்டால் சொல்வது. "அன்பின் சேருக்கு" என்றால் இது உங்களுக்கென்று இருந்து எழுதியது என்று தெரிகிறது.

நிற்க

அப்பாவின் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். என் அக்காவின் மகன் அதை வாசித்துவிட்டு, "சித்தி, யாரை நிற்கச் சொல்றார்?" என்று கேட்டான். வாழ்க, வருக போல அதுவும் வியங்கோள். இதுவரை சொன்னது அப்படியே நிற்கட்டும், இனி வேறு பேசுவோம் என்பது பொருள். மரியாதை பேசி முடிந்து, காரியம் பேசத் தொடங்கும் கதவு அது. ஒரே சொல்லில் கதவு திறந்து மூடிவிடுகிறது. ஆனால் அதற்கு முன்னால் நிறுத்திவைக்க ஏதாவது இருக்க வேண்டும். சிலர் பழைய நடை என்று நினைத்துக்கொண்டு முதல் வரியிலேயே "நிற்க" என்று தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்பதற்கு ஒன்றும் இல்லை.

இந்தச் சொல்லை வைத்து யோசித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அன்று விடயம் நிற்கவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இன்று பொருள் வரி என்று ஒன்று, கடிதத்துக்கே வெளியே, தலைக்கு மேல் இருக்கிறது. விடயத்தைத் தெளிவாக அங்கே சொல்லிவிட்டால், உள்ளே நான் அவசரப்பட வேண்டியதில்லை. அவசரமாக இருப்பவர் தலைப்பைப் பார்த்து அறிந்துகொள்வார். பிறகு உள்ளே வந்து என் சுகத்தைக் கேட்கட்டும். நான் சேருக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் பொருள் வரி "வணக்கம்" என்று மட்டும் இருந்தது. உள்ளே இருக்க வேண்டியதை வெளியே வைத்து, வெளியே வைக்க வேண்டியதை உள்ளே முதல் வரியாக்கியிருக்கிறேன்! இப்போது "புத்தகப் பெட்டிகள்: தைக்குப் பிறகு அனுப்பலாம்" என்று போடுகிறேன். தமிழ் எழுத்து போன் திரையில் அதிக இடம் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று சொல்லுக்குள் விடயம் வந்துவிட வேண்டும். "வாசிகசாலை தொடர்பான முக்கிய அறிவித்தல்" என்று போட்டால் "முக்கிய"வோடு திரை முடிந்துவிடும்.

இது உறவுக்காரருக்கும் தெரிந்தவருக்கும் எழுதும் கடிதத்துக்கு. பிரதேச செயலகத்துக்கு எழுதும்போது சுகம் கேட்கத் தேவையில்லை. முன்னரும் மனுக்களில் யாரும் கேட்டதில்லை. அங்கே "ஐயா" என்று எழுதி, அதன் கீழ் கோடிட்ட தலைப்பு போட்டு, "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்குவோம். மின்னஞ்சலிலும் அந்தத் தலைப்பைப் பொருள் வரியில் மட்டும் போட்டுவிட்டு நிற்காமல் உள்ளேயும் ஒருமுறை எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அச்சடித்துக் கோவையில் போடும்போது சில வேளை பொருள் வரி விடுபட்டுப் போய், "மேற்படி" எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் போய்விடுகிறது.

நலம் வரியைப் பற்றி இன்னும் ஒன்று. "நலம், நலமறிய ஆவல்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது காதில் விழாத சத்தமாகிவிடும். அம்மா அப்பாவின் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தார் என்றால், கையெழுத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார். எழுத்துச் சாய்ந்திருந்தால் காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிடுவாராம். மின்னஞ்சலில் கையெழுத்து இல்லை. ஆகவே அந்த வரியில் நான் மட்டுமே எழுதக்கூடிய ஒன்றாவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால், கடல் எப்படி இருக்கிறது, பத்திரகாளி கோயில் கொடி ஏறிவிட்டதா, இப்படி ஏதோ ஒன்று.

முடிவில் யாராக நிற்பது

"இப்படிக்கு" என்றாலும் "இங்ஙனம்" என்றாலும் ஒன்றுதான், இவ்வாறு என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். "இங்ஙனம்" என்று எழுதுவதாயிருந்தால் போன் அதை "இங்கனம்" ஆக்கிவிடாமல் பாருங்கள். அதற்குக் கீழே வரும் சொல்தான் எனக்கு முக்கியம். "தங்கள் உண்மையுள்ள" என்பது ஆங்கிலக் கந்தோர்க் கடிதத்திலிருந்து வந்தது. கந்தோருக்கு அது பொருந்தும். சேருக்கு நான் உண்மையுள்ளவளாக இருந்து என்ன? நான் அவருடைய மாணவி. அந்த உறவுச் சொல்தான் அங்கே நிற்க வேண்டும். அதனால்தான் போனில் தானாக விழும் கையொப்பத்தை நிறுத்திவிட்டேன். ஒருவருக்கு மாணவி, ஒருவருக்கு மருமகள், ஒருவருக்குத் தோழி. ஒரே கையொப்பத்தை எல்லோருக்கும் வைக்க முடியாது.

தோழி என்றதும் கிண்ணியாவிலிருக்கும் என் தோழி நினைவுக்கு வருகிறாள். வாசிகசாலைக் குழுவில் அவளும் இருக்கிறாள். தன் ஆட்களுக்கு எழுதும்போது "அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்)" என்று தொடங்கி "வஸ்ஸலாம்" என்று முடிப்பாள். எனக்கு எழுதும்போது "அன்பின் தோழிக்கு" என்று தொடங்கி "இவ்வண்ணம்" என்று முடிப்பாள். சிவமயத்தை என்ன செய்வது என்று அவளிடம்தான் கேட்டேன். எல்லோருக்கும் ஒன்றாகப் போகும் கடிதத்தில் ஒருவர் தலைப்பும் வேண்டாம், தனித்தனியாக எழுதும்போது அவரவர் வழக்கப்படி போடுவோம் என்றாள். அதுவே சரியென்று பட்டது.

"வேறு விசேடம் இல்லை" என்ற வரியையும் முதலில் வெட்டியிருந்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன். எதையும் மறைக்கவில்லை என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் வரி அது. சேர் போனில் "மறைக்காமச் சொல்லு" என்று கேட்டதற்கு அந்த வரிதான் பதில்.

கடைசியில் சேருக்கு அனுப்பியது இது. பொருள் வரி: "புத்தகப் பெட்டிகள்: எத்தனை என்று அறியத்தரவும்". உள்ளே:

"சிவமயம்

அன்பின் சேருக்கு,

திருகோணமலையில் அம்மாவும் நாங்களும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, நேற்றுக் கோயிலுக்கு நடந்தே போனா. நீங்களும் மகள் குடும்பமும் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வாசித்தேன், எல்லாம் விளங்கியது. நிற்க.

கூரை வேலை மார்கழிக்குள் முடியாது. பெட்டிகளைத் தைக்குப் பிறகு அனுப்புங்கள். எத்தனை பெட்டி என்று வருகிற வெள்ளிக்கு முன் எழுதினால், அதற்கு ஏற்றபடி தட்டு அடிக்கச் சொல்லலாம்.

வேறு புதினம் இல்லை. மிச்சம் போனில் பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாணவி"

இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் நலம், மகள் நலம், பேரனுக்குச் சளி, குளிர் தொடங்கிவிட்டது. நிற்க, பெட்டி பதினொன்று. அதில் ஒன்று முழுக்கப் பழைய ஏடுபோல இத்துப்போன புத்தகங்கள். அதைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், கடற்காற்றும் ஈரமும் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தட்டு அடிக்கச் சொல் என்று எழுதியிருந்தார்.